டிசைன் டாக்குமெண்ட்: நெட் இல்லாத ஸ்டால்ல பில் நம்பரை யார் கொடுக்கறது? (கோட் எழுதுறதுக்கு முன்னாடி கருத்து வேணும்)

செக்காலை செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில ஒரு பலகாரக் கடைக்கு பில்லிங் ஆப் பண்ணிக்கிட்டு இருக்கோம். அதுல ஒரு ஃபீச்சருக்கு டிசைன் டாக்குமெண்ட் எழுதியாச்சு, கோட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இங்க இருக்கறவங்க ஒரு தடவ பாத்து ஓட்டை எங்க இருக்குன்னு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

சூழ்நிலை இது. மெயின் கடையில ரெண்டு கவுண்டர், கானாடுகாத்தான்ல பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திப் பாக்க வர்ற ஆளுகளுக்காக ஒரு சின்னக் கிளை, அது போக பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி பங்குனி உத்திரம் மாதிரி நாள்கள்ல ஸ்டால். ஸ்டால்ல கம்ப்யூட்டர்லாம் கிடையாது, ஆளுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு ரெண்டு இஞ்ச் ப்ளூடூத் பிரிண்டர், அவ்வளவுதான். தேரோட்டத்தன்னைக்கு பிள்ளையார்பட்டியில நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், போன்ல டவர் முழுசா காட்டும் ஆனா ஒரு மெசேஜ் கூட நகராது, அத்தனை கூட்டம் ஒரே டவரப் பிடிச்சுத் தொங்கும். அந்த நேரத்துல அரைக் கிலோ தேன்குழலும் ஒரு பாக்கெட் அதிரசமும் கேட்டு நிக்கிறவருக்கு பில் போட்டுத்தான் ஆகணும். சர்வர்கிட்ட நம்பர் கேட்டு அது வர்ற வரைக்கும் நில்லுங்கன்னு சொல்ல முடியாது.

அப்ப நம்பரை யார் கொடுக்கறது? நாலு வழி யோசிச்சோம்.

முதல் வழி, நம்பர் சர்வர்லேர்ந்து மட்டும்தான் வரும். கணக்கு சுத்தமா இருக்கும், நெட் போனா வியாபாரம் நின்னுரும், அதனால இது அங்கேயே முடிஞ்சது.

ரெண்டாவது, நெட் இல்லாதப்போ ஒரு தற்காலிக நம்பர் அடிச்சுக் கொடுத்துட்டு, சிங்க் ஆனதுக்கப்புறம் உண்மையான நம்பர் போட்டுக்கறது. எழுதுறதுக்கு ரொம்ப சுலபம். ஆனா வாங்கினவர் கையில இருக்கற பேப்பர்ல ஒரு நம்பர், நம்ம லெட்ஜர்ல இன்னொரு நம்பர். நாளைக்கு அவர் அந்தப் பேப்பரைக் கொண்டு வந்து அதிரசம் கெட்டுப் போச்சுன்னு சொன்னா எந்தப் பில்லுன்னு தேடணும், அத விட பெரிய விஷயம், நாம அச்சடிச்சுக் கொடுத்த நம்பர் நம்ம கணக்குலயே இல்லன்னு ஆகுது. எனக்கு இது ஏத்துக்க முடியாத விஷயமாப் பட்டுச்சு.

மூணாவது, காலையில நெட் இருக்கும்போதே ஒவ்வொரு போனுக்கும் ஒரு கட்டு நம்பர் பிரிச்சுக் கொடுத்தர்றது, ஒருத்தருக்கு 1-லேர்ந்து 200, இன்னொருத்தருக்கு 201-லேர்ந்து 400. கடை மொத்தத்துக்கும் ஒரே சீரிஸ்னு சொல்லிக்கலாம். ஆனா ஒரு போன் 63-லயே நின்னுருச்சுன்னா 64-லேர்ந்து 200 வரைக்கும் ஓட்டை, தேதி வரிசையும் முன்னுக்குப் பின்னா வரும், காலை பத்து மணிக்கு 210, சாயங்காலம் ஆறு மணிக்கு 63. போன் தொலைஞ்சா அந்தக் கட்டு என்னாச்சுன்னே தெரியாது.

நாலாவது, இதத்தான் எடுத்திருக்கோம், ஒவ்வொரு போனுக்கும் தனி சீரிஸ். கடைக் கவுண்டர் K1, K2, கானாடுகாத்தான் N1, ஸ்டால் போன் P1, P2. பில் நம்பர் `25-26/P1/00212` மாதிரி வரும், 14 எழுத்து. போன் தன்னோட சீரிஸ்ல தானே எண்ணிக்கும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. நம்பர் கூட்டுறதும் பில்லை எழுதுறதும் போன்ல இருக்கற எஸ்கியூலைட்ல ஒரே ட்ரான்சாக்ஷன், அது கமிட் ஆனதுக்கு அப்புறம்தான் பிரிண்டருக்குப் போகும். நடுவுல பேப்பர் ரோல் தீந்து போச்சுன்னா அதே நம்பரை "நகல்"னு போட்டு மறுபடி அடிக்கலாம், புது பில் கிடையாது. இந்த ரெண்டு பட்டனையும் திரையில தள்ளித் தள்ளி வைக்கணும்னு டாக்குமெண்ட்ல எழுதியிருக்கேன், அவசரத்துல பையன் பேப்பர் வரலன்னு "புது பில்"லை இன்னொரு தடவ அமுக்கிட்டா ஒரு வியாபாரம் ரெண்டாயிரும்.

இந்த நம்பர் போக, ஒவ்வொரு பில்லுக்கும் போன்லயே ஒரு யூயூஐடி உருவாக்கி `bill_uid`னு வச்சிருக்கோம், அது வாங்கறவர் கண்ணுக்குத் தெரியாது. எதுக்குன்னா, ராத்திரி 7.40-க்கு 212-ம் பில் சர்வருக்குப் போகுது, சர்வர் எழுதி வச்சுருச்சு, ஆனா "வந்துருச்சு"ங்கற பதில் டவர் நெரிசல்ல திரும்பி வரல. போனுக்கு அது போச்சா போகலயான்னு தெரியாது, அதனால மறுபடி அனுப்பும், அனுப்பித்தான் ஆகணும். ரெண்டாவது தடவ வர்றப்போ அதே `bill_uid` இருக்கறதால சர்வர் "இது என்கிட்ட இருக்கு"ன்னு சொல்லிரும், பில் ரெட்டிக்காது.

சர்வர்ல டேபிள்ல ரெண்டு கட்டுப்பாடு:

```sql
UNIQUE (bill_uid),
UNIQUE (fy, series, num)
```

எழுதுறது இப்படி:

```sql
INSERT INTO bills (bill_uid, fy, series, num, total, issued_at)
VALUES ($1, $2, $3, $4, $5, $6)
ON CONFLICT DO NOTHING;
```

இன்னும் முடிவாகாத கேள்விங்க: போன் தொலைஞ்சா சிங்க் ஆகாத பில் என்ன ஆகும், மார்ச் 31 ராத்திரி வருஷம் மாறும்போது நெட் இல்லாத போன் என்ன பண்ணும், தனித்தனி சீரிஸ் வச்சுக்கறதுக்கு ஜிஎஸ்டி விதியில இடம் இருக்கா. மூணாவதுக்கு ஆடிட்டர் யாராவது சொன்னா நல்லது, அது இல்லன்னா மொத்த டிசைனும் விழுந்துரும்.

கழனிவாசல் கார்த்தி

அண்ணே, யூயூஐடி வச்சிட்டீங்கல்ல, அப்புறம் எதுக்கு சீரிஸ் நம்பர் எல்லாம்? அந்த யூயூஐடியையே பில் நம்பரா அச்சடிச்சிருங்க. உலகத்துல எந்தப் போன்ல உருவாக்கினாலும் ரெட்டிக்காது, போன் தொலைஞ்சாலும் புது போன் வந்தாலும் பிரச்சனையே இல்ல, உங்க டாக்குமெண்ட்ல பாதி தேவையே இருக்காது.

தேவகோட்டை ஆடிட்டர்

தம்பி கார்த்தி, ரெட்டிக்கக் கூடாதுங்கறது பாதி விதிதான். சிஜிஎஸ்டி விதி 46-ல பில் நம்பருக்கு என்ன சொல்லியிருக்குன்னா, தொடர் வரிசை எண்ணா இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது, எழுத்து, எண், அது போக சின்னக் கோடும் சாய்கோடும் மட்டும் வரலாம், ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வரக் கூடாது. யூயூஐடி நடுவுல கோடெல்லாம் எடுத்தாலே 32 எழுத்து, அதுல தொடர்ச்சின்னு ஒண்ணும் கிடையாது. 16-க்குள்ள வெட்டிப் போட்டாலும் இதுக்கு அடுத்தது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நடுவுல ஒரு பில் காணாமப் போனா கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் வரிசை.

செந்தில், உங்க மூணாவது கேள்விக்கு அதே விதியிலயே பதில் இருக்கு. ஒரே சீரிஸா இருக்கலாம், பல சீரிஸாவும் இருக்கலாம்னு தெளிவா சொல்லியிருக்கு. அதனால போனுக்கு ஒரு சீரிஸ்னு வைக்கிறதுல தப்பே இல்ல. கட்டுக் கட்டா பிரிச்சுக் கொடுக்கற மூணாவது வழிய விட்டது நல்லதுதான். ஜிஎஸ்டிஆர்-1-ல 13-ம் டேபிள்ல ஒவ்வொரு சீரிஸுக்கும் எந்த நம்பர்லேர்ந்து எந்த நம்பர் வரை, மொத்தம் எத்தனை, ரத்து எத்தனைன்னு போடணும். 64-லேர்ந்து 200 வரை அடிக்கவே இல்லன்னா அத ரத்துன்னும் சொல்ல முடியாது, கொடுத்ததுன்னும் சொல்ல முடியாது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், ரத்து பண்ணின பில்லை டேபிள்லேர்ந்து அழிச்சிராதீங்க. நம்பர் அப்படியே இருக்கணும், பக்கத்துல ரத்துன்னு குறி இருக்கணும்.

கோட்டையூர் ஆச்சி

எனக்கு இந்த கம்ப்யூட்டர் பாஷை புரியாது, எம்மகன் ஃபோன்ல படிச்சுக் காமிச்சான். இதுல என்ன இவ்வளவு யோசனை? எங்க கடையில அப்பச்சி காலத்துல இருந்தே ரெண்டு பில் புக்கு. கடைக்கு ஒண்ணு, கல்யாண ஆர்டருக்கு வீடு வீடாப் போற ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணுல மேல 'க'ன்னு இருக்கும், இன்னொண்ணுல 'வெ'ன்னு இருக்கும், நம்பர் அதது பாட்டுக்கு ஓடும். கீழ கார்பன் காப்பி புக்கிலேயே தங்கிரும். வெளிய போன ஆளு புக்கைத் தொலைச்சுட்டு வந்தா அதுல எழுதினதும் போச்சுதான், அதனால சாயங்காலம் வந்ததும் கடைசி நம்பர் என்னன்னு கேட்டு நோட்டுல எழுதிக்குவோம். தொலைஞ்ச புக்கோட நம்பரைத் திரும்ப யாருக்கும் கொடுக்க மாட்டோம், புதுப் புக்குன்னா புது எழுத்து.

செக்காலை செந்தில்

ஆச்சி, நாங்க எடுத்திருக்கற வழி அச்சு அசலா நீங்க சொன்னதுதான். "தொலைஞ்ச புக்கோட நம்பரைத் திரும்பக் கொடுக்க மாட்டோம்"ங்கறத டாக்குமெண்ட்ல அப்படியே விதியா எழுதறேன்: ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டா பழைய P1 திரும்பக் கிடைக்காது, சர்வர் புதுசா P3 கொடுக்கும். ஏன்னா பழைய போன் எந்த நம்பர் வரைக்கும் அச்சடிச்சுச்சுன்னு சர்வருக்கு நிச்சயமாத் தெரியாது, சிங்க் ஆனது வரைக்கும்தான் தெரியும்.

ஆடிட்டர் ஐயா, ரொம்ப நன்றி. ரத்துங்கறது ஒரு தனி பதிவா வரும், பில்லை யாரும் தொட மாட்டாங்க.

ஆத்தங்குடி கல்லுக்காரர்

நல்ல கேள்வி கேட்டீங்க சார், இதே தொல்லைதான் எங்களுக்கும். எங்க பட்டறையில கல்லு வாங்க வர்றவங்க அட்வான்ஸ் கொடுக்க ஜிபே பண்ணுவாங்க, அவங்களுக்குப் பணம் போயிருச்சுன்னு காட்டும், நம்ம ஸ்பீக்கர் வாயே திறக்காது, நெட் இல்லாததால. அரை மணி நேரம் கழிச்சு கத்தும். உங்க ஆப்ல நெட் இல்லாமயே பணம் வந்துச்சான்னு தெரியுமா? தெரிஞ்சா எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க.

செக்காலை செந்தில்

அண்ணே, இது பணம் வர்றதப் பத்தினது இல்ல, பில்லுல போடற நம்பரப் பத்தினது. பணம் வந்துச்சான்னு பேங்க் பக்கத்துலேர்ந்துதான் தெரியணும், அதுக்கு நெட் வேணும், எங்க ஆப் அத மாத்தாது. ஸ்டால்ல இருக்கறவர் தன் கண்ணால பாத்து ரொக்கமா யுபிஐயான்னு தேர்ந்தெடுப்பார், நாங்க அத மட்டும் பில்லுல எழுதி வச்சுக்குவோம்.

புதுவயல் மீனா

செந்தில் அண்ணே, நாலாவது வழி எடுத்தது சரி. ஆனா நீங்க போட்டிருக்கற அந்த `ON CONFLICT DO NOTHING` வரியில ஒரு பெரிய ஆபத்து இருக்கு, அத மாத்தாம தயவு செஞ்சு லைவ் போயிராதீங்க. கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

உங்க டேபிள்ல ரெண்டு யுனிக் கட்டுப்பாடு இருக்கு. ரெண்டும் மோதுறதுக்கு அர்த்தம் வேற வேற. `bill_uid` மோதினா அது மறுபடி அனுப்பின அதே பில், பேசாம விட்டுரலாம். ஆனா `bill_uid` புதுசா இருந்து `(fy, series, num)` மட்டும் மோதினா, அது வேற ஒரு வியாபாரம், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர்ல பில் போயிருக்கு. வெறும் `ON CONFLICT DO NOTHING` இந்த ரெண்டையும் ஒரே மாதிரி முழுங்கிரும். போனுக்கு ஓகேன்னு பதில் போகும், போன் சிங்க் ஆயிருச்சுன்னு டிக் போட்டுக்கும், உண்மையான ஒரு விற்பனை எந்தச் சத்தமும் இல்லாம மறைஞ்சு போகும்.

அப்படி எப்ப வரும்னு கேப்பீங்க, போனுக்குத்தான் தனி சீரிஸ் ஆச்சேன்னு. ஆண்ட்ராய்டு ஆட்டோ பேக்கப் இருக்குல்ல, நீங்க ஒண்ணும் செய்யலன்னாலும் அது ஆன்லதான் இருக்கும். ராத்திரி போனை சார்ஜ்ல போட்டு வைஃபையில விட்டா ஆப்போட டேட்டாபேஸையும் சேத்து கூகுள் கணக்குல ஏத்தி வச்சுக்கும். இப்ப இப்படி வச்சுக்கங்க: முந்தின நாள் ராத்திரி பேக்கப் எடுத்தப்ப P1-ல கடைசி நம்பர் 180. மறுநாள் ஸ்டால்ல 181-லேர்ந்து 212 வரை பில் போட்டு, அதெல்லாம் சர்வருக்கும் வந்துருச்சு. அப்ப போன் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. கடைக்காரர் வேற போன் வாங்கி அதே கூகுள் கணக்குல நுழைஞ்சு ஆப்பைப் போட்டார்னா பேக்கப் திரும்ப வந்து உக்காந்துக்கும், அந்தப் போன் தன்னை P1-ன்னே நம்பும், அடுத்த நம்பர் 181-ன்னு அடிக்கும். நீங்க எழுதின "புது இன்ஸ்டாலுக்குப் புது சீரிஸ்" விதி இங்க வேலையே செய்யாது, ஏன்னா ஆப்புக்கு அது புது இன்ஸ்டால்னே தெரியாது. 181-லேர்ந்து 212 வரைக்கும் 32 வியாபாரம் சர்வர்ல விழவே விழாது. 213-லேர்ந்து மறுபடி ஒழுங்கா விழ ஆரம்பிக்கும், அதனால நம்பர் வரிசையில ஓட்டையும் தெரியாது. தெரியற ஒரே இடம் கல்லாப் பெட்டி, ராத்திரி எண்ணும்போது சர்வர் சொல்றத விட ரொக்கம் கூட இருக்கும். கூட இருந்தா யாரும் பதற மாட்டாங்க, அதான் இதுல கஷ்டம்.

அதனால எந்தக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் பேசாம இருக்கணும்னு பேர் சொல்லிருங்க:

```sql
ON CONFLICT (bill_uid) DO NOTHING
RETURNING bill_uid;
```

இப்ப நம்பர் மோதினா போஸ்ட்கிரெஸ் `23505` எர்ரர் கொடுக்கும். இன்னொரு சங்கதி, இந்த `RETURNING` மோதல் வந்து விட்டுட்டா எந்த வரியும் திருப்பித் தராது, காலியா வந்தா ஃபெயில்னு எடுத்துக்காதீங்க, `bill_uid` வச்சு ஒரு செலக்ட் போட்டுப் பாருங்க. தொகையும் ஒண்ணுதானான்னு அப்பவே சரி பாத்துக்கங்க.

செக்காலை செந்தில்

மீனா, இத யாருமே சொல்லல. நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்குமெண்ட்ல மாத்தறேன். அப்ப `23505` வந்தா நேரா "நம்பர் மோதல்"னு எடுத்து, அந்தப் பில்லை தனி டேபிள்ல ஒதுக்கி வச்சு, கடைக்காரருக்கு அலர்ட் கொடுத்தரலாமா?

புதுவயல் மீனா

நேரா எடுக்காதீங்க, அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. டவர் நெரிசல்ல போன் ஒரே பில்லை ரெண்டு தடவ அனுப்பி அந்த ரெண்டு ரிக்வெஸ்டும் ஒரே நொடியில சர்வர்ல நுழைஞ்சா, ரெண்டுமே "இந்த `bill_uid` இன்னும் இல்ல"ன்னு பாத்துட்டு எழுதப் போகும். அப்ப பின்னால வர்றது `(fy, series, num)` இண்டெக்ஸ்ல முதல்ல முட்டிக்கிட்டு `23505` வாங்கலாம், உண்மையில அது வெறும் மறு அனுப்பல்தான். அதனால எர்ரர் வந்ததும் ட்ரான்சாக்ஷனை ரோல்பேக் பண்ணிட்டு, புதுசா ஒரு தடவ `bill_uid` வச்சுத் தேடுங்க. கிடைச்சா, வந்துருச்சுன்னு பதில் சொல்லிருங்க. கிடைக்கலன்னாத்தான் நிஜ மோதல், அப்ப ஒதுக்கி வச்சு அலர்ட்.

பேக்கப்பை நிறுத்தறதுக்கும் ஒரு வார்த்தை. மேனிஃபெஸ்ட்ல `android:allowBackup="false"` போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து சில கம்பெனி போன்கள்ல அது கூகுள் பேக்கப்பைத்தான் நிறுத்தும், பழைய போன்லேர்ந்து புது போனுக்கு நேரா மாத்தறத நிறுத்தாது. அதுக்கு `dataExtractionRules`ல தனியா விலக்கணும். இதுக்கெல்லாம் மேல ஒரு காவல் வைங்க: ரிஜிஸ்டர் பண்ணும்போது ஆண்ட்ராய்டு கீஸ்டோர்ல ஒரு சாவி உருவாக்கிருங்க. அந்தச் சாவி போனை விட்டு வெளிய போகாது, பேக்கப்லயும் வராது. ஆப் திறக்கறப்போ டேட்டாபேஸ் இருக்கு, சாவி இல்லன்னா, இது வேற போன்லேர்ந்து வந்த டேட்டான்னு அர்த்தம். பில் போட விடாம புது சீரிஸ் வாங்கச் சொல்லுங்க.

கழனிவாசல் கார்த்தி

மீனா அக்கா, புது சீரிஸ் வாங்க நெட் வேணுமே? தேரோட்டத்துல போன் விழுந்து புது போன் வாங்கினா அங்க நெட் இருக்காது, அப்ப கடையே மூடணுமா?

புதுவயல் மீனா

கேட்டது சரிதான் கார்த்தி. ஸ்டாலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கடையில வைஃபையில வச்சு மூணாவதா ஒரு போனையும் ரிஜிஸ்டர் பண்ணி எடுத்துட்டுப் போறதுதான் வழி, P3-ன்னு ஒண்ணு பையில தயாரா இருக்கட்டும். பில்லே போடலன்னா அந்த மாசம் அந்த சீரிஸ் காலி, காட்டறதுக்கு ஒண்ணுமில்ல.

தேவகோட்டை ஆடிட்டர்

காலியா இருந்தா பிரச்சனை இல்ல. ஆனா ஆப்பை அழிச்சு அழிச்சுப் போட்டு வருஷக் கடைசியில P17 வரைக்கும் போயிராம பாத்துக்கங்க. விதி தடுக்கல, 13-ம் டேபிள்ல அத்தனை வரி நிரப்பணும், நாளைக்கு யாராவது கேட்டா P9 எந்தப் போன், எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைன்னு பதில் சொல்லத் தெரியணும். ஒவ்வொரு சீரிஸும் எப்ப திறந்தது, ஏன் மூடினதுன்னு சர்வர்ல ஒரு பதிவு இருந்தா எனக்குப் போதும்.

நம்பர் மோதின அந்த 32 பில் விஷயத்துல, ஒதுக்கி வச்சுட்டு அப்படியே மறந்துறக் கூடாது. வாங்கினவர் கையில பேப்பர் போயிருச்சு, விற்பனை நடந்துருச்சு, வரி கட்டியாகணும். அத எந்த நம்பர்ல கணக்குக்குக் கொண்டு வர்றதுங்கறத அந்தந்தக் கேஸைப் பாத்து ஆடிட்டர்தான் சொல்லணும், சாஃப்ட்வேர் தானா ஒரு புது நம்பர் போட்டு மாத்திரக் கூடாது.

செக்காலை செந்தில்

எழுதிக்கிட்டேன் ஐயா. ஒதுக்கின பில்லை ஆள் பாத்து முடிவு பண்ற வரைக்கும் தினமும் மேல சிவப்பா காட்டும்.

அடுத்து வருஷம் மாறுறது. இது மத்த கடைக்கு சின்ன விஷயமா இருக்கலாம், எங்களுக்கு இல்ல. பங்குனி உத்திரம் சில வருஷம் மார்ச் கடைசியில வரும், சில வருஷம் ஏப்ரல் பிறந்து வரும், குன்றக்குடியில ஸ்டால் ராத்திரி முழுக்க ஓடும். சர்வர்ல நேரம் யூடிசியில இருக்கு. ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில்லுக்கு யூடிசியில பாத்தா இன்னும் மார்ச் 31 ராத்திரி எட்டரை. அத வச்சு நிதியாண்டு கணக்குப் போட்டா காலை அஞ்சரை மணி வரைக்கும் போடற பில் எல்லாம் போன வருஷத்துல விழும். அதனால `fy`யை சர்வர் கணக்குப் போடாது, பில் போடற நிமிஷத்துல போன்தான் `Asia/Kolkata` நேரம் வச்சு முடிவு பண்ணி பில்லோட சேத்து எழுதி வைக்கும். நாலு நாள் கழிச்சு சிங்க் ஆனாலும் மாறாது. புது வருஷத்துல ஒவ்வொரு சீரிஸும் 1-லேர்ந்து.

புதுவயல் மீனா

போனோட கடிகாரமே தப்பா இருந்தா? பேட்டரி முழுசா இறங்கி மறுபடி ஆன் பண்ணினா, நெட் இல்லாத இடத்துல சில பழைய போன் தேதியை எங்கயோ கொண்டு போயிரும்.

செக்காலை செந்தில்

அதுக்கு ஒரு எளிய காவல் மட்டும் யோசிச்சு வச்சிருக்கேன். புது பில்லோட நேரம் அதே போன்ல முந்தின பில்லோட நேரத்துக்கு முன்னாடி இருந்தா ஆப் நிறுத்தி "போன்ல தேதி பாருங்க"ன்னு கேக்கும். ஆனா கடிகாரம் முன்னாடி ஓடினா இது பிடிக்காது, மார்ச் 31 சாயங்காலம் ஒரு போன் ஏப்ரல் 2-ன்னு நினைச்சுக்கிட்டா புது வருஷ பில் போட்டுரும். கடைசி சிங்க்ல சர்வர் சொன்ன நேரத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம், நெட் இல்லாம ரெண்டு நாள் ஆயிருச்சுன்னா அதுவும் எவ்வளவு தூரம் நம்பறதுன்னு தெரியல. முடிவாகாத பட்டியல்லயே இருக்கட்டும்.

இன்னும் பதில் கிடைக்காதது முதல் கேள்விதான். மீனா சொன்ன கேஸ்ல 212 வரைக்கும் சர்வருக்கு வந்துருச்சுன்னு வச்சுக்கிட்டோம். வராம இருந்தா? காலையிலேர்ந்து சிங்க்கே ஆகாத போன் சாயங்காலம் தொலைஞ்சு போச்சுன்னா, 181-லேர்ந்து எது வரைக்கும் அச்சாச்சுன்னு கூட நமக்குத் தெரியாது. சர்வர்ல நடுவுல விடுபட்ட நம்பரைக் கண்டுபிடிக்க முடியும்:

```sql
SELECT n FROM generate_series(1, 212) AS n
WHERE NOT EXISTS (
  SELECT 1 FROM bills b
  WHERE b.fy = '25-26' AND b.series = 'P1' AND b.num = n);
```

அந்த 212-ங்கற கடைசி நம்பர் தெரிஞ்சாத்தான் இது வேலை செய்யும். வால் பகுதி மொத்தமாப் போச்சுன்னா இது காலியாத்தான் காட்டும்.

கோட்டையூர் ஆச்சி

நான்தான் சொன்னேனே, கார்பன் காப்பி. அந்தக் குட்டி மிஷின்ல ரெண்டு தடவ அடிச்சா ஒண்ண டப்பாவுல போட்டு வைக்கலாமே.

செக்காலை செந்தில்

முடியும் ஆச்சி, ஆனா கூட்ட நேரத்துல ஒவ்வொரு பில்லுக்கும் ரெட்டை நேரம், ரெட்டைப் பேப்பர், அந்த பிரிண்டர் பேட்டரியும் அத்தனை தாங்காது. தெர்மல் பேப்பர் வெயில்ல கிடந்தா கருத்தும் போயிரும். பத்துப் பில்லுக்கு ஒரு தடவ, கடைசி நம்பரும் அதுவரைக்கும் ஆன மொத்தத் தொகையும் ஒரு துண்டுச் சீட்டா அடிச்சு கல்லாப் பெட்டியில போடறதுன்னு வச்சா எப்படி? பில்லோட உள்ளடக்கம் போனாலும் எத்தனை பில், எவ்வளவு ரூபாய்ங்கறது பத்துப் பில்லுக்குள்ள நிக்கும்.

புதுவயல் மீனா

அத விட, ஸ்டால்ல ரெண்டு போன் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு. ஒண்ணுல ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொண்ணை அதுல சேத்துட்டா வெளிய நெட் தேவையே இல்ல, P1 தன்னோட பில்லை P2-லயும் ஒரு பிரதி வைக்கலாம், P2 P1-ல வைக்கலாம். எந்தப் போனுக்கு முதல்ல டவர் கிடைக்குதோ அது ரெண்டு பேரோடதையும் அனுப்பும். `bill_uid` இருக்கறதால ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாலும் ரெட்டிக்காது, டிசைன்ல எதையும் மாத்த வேணாம்.

கழனிவாசல் கார்த்தி

ஹாட்ஸ்பாட் போட்டா பேட்டரி சாயங்காலம் வரைக்கும் நிக்குமா அக்கா? அப்புறம் ரெண்டு போனையும் ஒரே பையில வச்சு தொலைச்சா?

புதுவயல் மீனா

பவர் பேங்க் இல்லாம நிக்காது. ஒரே பையில தொலைச்சா அது செந்தில் அண்ணனோட துண்டுச் சீட்டுதான். ரெண்டையும் சேத்து வைக்கலாம்னு என் எண்ணம்.

தேவகோட்டை ஆடிட்டர்

சீட்டு இருந்தா எனக்கு மொத்தத் தொகை கிடைக்கும், அது ரொம்பப் பெரிய விஷயம். ஆனா தேன்குழலும் மத்த ஐட்டமும் ஒரே வரி விகிதத்துல இல்லாமப் போனா மொத்தம் மட்டும் தெரிஞ்சு பத்தாது. அந்தச் சீட்டுல வரி விகிதம் வாரியாப் பிரிச்சு அடிக்க முடியுமா?

செக்காலை செந்தில்

முடியும் ஐயா, நாலு வரி கூடும், அவ்வளவுதான். சீட்டு டிசைனை ரெண்டாவது வெர்ஷன்ல போடறேன், அதோட மீனா சொன்ன `ON CONFLICT` மாத்தம், கீஸ்டோர் சாவி, சீரிஸ் பதிவேடு மூணும் வரும். ஹாட்ஸ்பாட் பிரதியை முதல் ரிலீஸ்ல சேக்கல, சதுர்த்திக்கு முன்னாடி ரெண்டு பழைய போன்ல பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாத்துட்டுத்தான். போன் கடிகாரம் முன்னாடி ஓடற விஷயத்துக்கு யார்கிட்டயாவது நல்ல யோசனை இருந்தா இங்கேயே போடுங்க, அது இன்னும் திறந்தேதான் இருக்கு.